பச்சை எங்கே தொடங்கியது? காளான் பையின் படத்தைப் படிப்போம்

மாணவர்களே, தானா ராத்தாவில் ஒரு வீட்டின் பின்கட்டில் சிப்பிக் காளான் வளர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுக்குப் பலகைகளில் 200 பைகள் இருக்கின்றன. பன்னிரண்டாம் நாள் ஒரு பையின் பக்கத்தில் பச்சைத் திட்டு தெரிகிறது. உடனே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, காளான் வளர்ப்பில் பழகிய உறவினருக்கு அனுப்புகிறார்கள். "இது பூசணமா? இந்தப் பையை மட்டும் எடுத்தால் போதுமா, எல்லாவற்றையும் அகற்றவேண்டுமா?" என்று கேட்கிறார்கள்.

ஒரே படத்தை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது இரண்டு வகையில் தவறு நேரலாம். நல்ல பைகளைப் பயந்து வீசிவிட்டால் ஒரு மாத உழைப்பு வீணாகும். கெட்ட பையை அப்படியே விட்டுவைத்தால் அறை முழுவதும் பூசணம் பரவும். ஆகவே படத்தில் எதைப் பார்க்கவேண்டும், எதைப் படம் நமக்குச் சொல்லாது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

பைக்குள் நடக்கும் போட்டி

நம் நாட்டில் சிப்பிக் காளான் பைகளை ரப்பர் மரத்தூளில்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். 100 கிலோ மரத்தூளுக்கு 10 கிலோ அரிசித் தவிடு, 1 கிலோ சுண்ணாம்புத்தூள் என்பது பலரும் பயன்படுத்தும் அளவு. இதை ஈரமாக்கி, வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் பைகளில் நெருக்கமாக அடைத்து, வாயில் ஒரு கழுத்து வளையம் பொருத்திப் பஞ்சால் மூடுவார்கள். பிறகு பல மணி நேரம் நீராவியில் வேகவைத்து, ஆறியபின் கழுத்து வழியாகக் காளான் வித்தைப் போடுவார்கள். சோளம், கோதுமை போன்ற தானியத்தில் காளான் இழைகளை வளர்த்துத் தயாரித்ததே அந்த வித்து.

வித்திலிருந்து கிளம்பும் வெள்ளை இழைகள் மேலிருந்து கீழாக மரத்தூளுக்குள் இறங்குகின்றன. பை முழுவதும் வெள்ளையாக மாற ஒரு மாதமோ அதற்குச் சற்று மேலோ ஆகும். அதுவரை கீழே இருக்கும் பழுப்பு நிற மரத்தூள் யாரும் பிடிக்காத நிலம் போன்றது. முதலில் வருபவருக்கே அது சொந்தம்.

அந்த நிலத்துக்குப் போட்டியிடும் முக்கியமான எதிரியின் பெயர் டிரைக்கோடெர்மா. இதுவும் ஒரு பூஞ்சைதான். ஆய்வகத்தில் 9 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டில் வளர்த்தால் மூன்று நான்கு நாள்களில் தட்டு முழுவதையும் பிடித்துவிடும். சிப்பிக் காளானுக்கு அதே தட்டை நிரப்ப ஒரு வாரமோ அதற்கு மேலோ தேவைப்படும். டிரைக்கோடெர்மா வேகமாக வளர்வதோடு நிற்பதில்லை. காளான் இழையைச் சுற்றி வளைத்து, அதன் செல்சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, அதையே உணவாக்கிக்கொள்ளவும் செய்கிறது.

இந்த நோய் உலகின் பல இடங்களில் காளான் பண்ணைகளைப் பாதித்திருக்கிறது. தென்கொரியா, இத்தாலி, ஹங்கேரி, ருமேனியா ஆகிய நாடுகளின் சிப்பிக் காளான் பண்ணைகளில் பெரும் இழப்பு ஏற்பட்டது. அதற்குக் காரணமான இரண்டு புதிய இனங்களை 2006ஆம் ஆண்டு கொரிய ஆய்வாளர்கள் விவரித்தார்கள். டிரைக்கோடெர்மா புளூரோட்டம், டிரைக்கோடெர்மா புளூரோட்டிகோலா என்பவை அவற்றின் பெயர்கள். சிப்பிக் காளானின் அறிவியல் பெயரான புளூரோட்டஸ் என்பதிலிருந்தே இரண்டு பெயர்களும் வந்தன.

பச்சைக்கு முன் வெள்ளை

படம் பார்ப்பவர்கள் பலரும் பச்சை நிறத்தையே தேடுகிறார்கள். ஆனால் டிரைக்கோடெர்மாவின் இழை பச்சை இல்லை. அதுவும் வெள்ளைதான். சில நாள்கள் வளர்ந்த பிறகு ஸ்போர்கள் எனப்படும் இனப்பெருக்கத் துகள்களைக் கோடிக்கணக்கில் உண்டாக்குகிறது. பச்சை நிறம் அந்தத் துகள்களுக்கு உரியது. வெளிச்சம் படும்போது ஸ்போர் உண்டாவது தூண்டப்படுகிறது. அதனால்தான் ஜன்னல் பக்கம் இருக்கும் முகத்தில் பச்சை முதலில் தெரிவதுண்டு.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. படத்தில் பச்சை தெரியும் நாள், நோய் தொடங்கிய நாள் இல்லை. எதிரி உள்ளே வந்து பல நாள்கள் கழித்து, அடுத்த பைக்குப் பரவத் தயாரான நாள்தான் அது. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்று குளிர்ச்சியாக இருக்கும். இரண்டு பூஞ்சைகளுமே சமவெளியை விட இங்கு மெதுவாக வளரும். ஆகவே வெள்ளையாக ஒளிந்திருக்கும் காலமும் சற்று நீளும்.

அப்படியானால் இரண்டு வெள்ளைகளையும் எப்படிப் பிரித்தறிவது? சிப்பிக் காளான் இழை அடர்த்தியாக, பஞ்சு போல, பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். அது வித்து போட்ட இடத்திலிருந்து ஒரே எல்லையாக இறங்கிவரும். டிரைக்கோடெர்மாவின் இளம் இழை மெல்லியதாக, சிலந்தி வலை போல, சற்று மங்கலாகத் தெரியும். ஆனால் படத்தில் இந்த வேறுபாடு எப்போதும் தெளிவாக விழாது. அதனால் தோற்றத்தைவிட இடத்தையும் வேகத்தையும் நம்புவது நல்லது. காளான் இழை வளர்ந்தபடியேதான் நகரும். நடுவில் இடம் விட்டுத் தாவாது. வித்துத் தானியம் விழாத ஓர் இடத்தில், மேலிருந்து இறங்கும் வெள்ளையோடு ஒட்டாமல், தனித் தீவாக ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

ஒரு பையின் நான்கு படங்கள்

இதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். ஒரே பையை ஒரே கோணத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலை நிறுத்தி, 6, 9, 12, 14ஆம் நாள்களில் படம் எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் நாள் படத்தில் மேலிருந்து 2 சென்டிமீட்டர் வரை வெள்ளை இறங்கியிருக்கிறது. அதற்குக் கீழே மரத்தூளின் பழுப்பு மட்டுமே தெரிகிறது. ஒன்பதாம் நாள் வெள்ளையின் எல்லை 3 சென்டிமீட்டரைத் தொட்டுள்ளது. ஆனால் அந்த எல்லைக்கு வெகு கீழே, இடப்பக்கத்தில், ஒன்றரை சென்டிமீட்டர் அகலமுள்ள மங்கலான வெள்ளை வட்டம் ஒன்று புதிதாகத் தெரிகிறது. பச்சை எங்குமே இல்லை. பன்னிரண்டாம் நாள் மேல் எல்லை 4 சென்டிமீட்டர். கீழே உள்ள வட்டம் 5 சென்டிமீட்டர் அகலமாகி, அதன் நடுவில் வெளிர் பச்சை படர்ந்திருக்கிறது. பதினான்காம் நாள் நடுப்பகுதி கரும்பச்சையாகி, ஓரத்தில் மட்டும் வெள்ளை வளையம் மிச்சமிருக்கிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒன்பதாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள்வரை மேல் எல்லை 1 சென்டிமீட்டர் நகர்ந்தது. அதாவது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். வட்டத்தின் அகலம் 1.5 சென்டிமீட்டரிலிருந்து 5 சென்டிமீட்டரானது. அகலம் இரண்டு பக்கமும் சேர்ந்து வளர்வதால் அதைப் பாதியாக்கினால்தான் ஓரம் நகர்ந்த தூரம் கிடைக்கும். 3.5 சென்டிமீட்டரில் பாதி 1.75 சென்டிமீட்டர். மூன்று நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். ஒரே பை, ஒரே மரத்தூள், ஒரே குளிர். இருந்தும் ஒரு வெள்ளை மற்றதைவிட இரண்டு மடங்கு வேகமாக ஓடுகிறது. அது காளான் இழையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

தொடர்ந்து படம் எடுப்பதன் பயன் இதுதான். பன்னிரண்டாம் நாள் படம் ஒன்றை மட்டும் பார்த்தவர் பச்சையைக் கண்டு திடுக்கிடுவார். ஒன்பதாம் நாள் படத்தையும் வைத்திருப்பவரோ, தனித்தீவைக் கண்டதுமே பையை வேறிடத்துக்கு மாற்றியிருப்பார். அப்போது ஸ்போர்கள் உண்டாகியிருக்கவே இல்லை.

படம் ஏமாற்றும் விதங்கள்

காளான் கூடாரங்களுக்கு நிழல்வலை கட்டுவது வழக்கம். வலை பச்சை நிறமாக இருந்தால் உள்ளே விழும் வெளிச்சமும் பச்சை சாயும். வெள்ளை இழைகூடப் படத்தில் பச்சையாகத் தோன்றும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துச் சேர்த்துப் படம் எடுப்பது.

பிறகு படத்தைத் திருத்தும் செயலி எதிலாவது திறந்து, நிறத்தைத் தொட்டு எண்ணாகப் பார்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் R, G, B என்று மூன்று எண்கள் வரும். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை எவ்வளவு என்பதை அவை காட்டும். தாளின் எண்கள் 205, 228, 200 என்றும், சந்தேகத் திட்டின் எண்கள் 150, 175, 148 என்றும் வந்ததாக வைத்துக்கொள்வோம். திட்டில் G அதிகம் என்பதால் பச்சை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். திட்டின் எண்ணைத் தாளின் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 0.73, 0.77, 0.74 என்று வரும். மூன்றும் ஏறத்தாழச் சமம். எனவே திட்டு சாம்பல் வெள்ளைதான். பச்சை வந்தது வெளிச்சத்திலிருந்து.

வேறொரு படத்தில் தாள் 220, 222, 218 என்றும் திட்டு 96, 128, 84 என்றும் இருந்தால் விடைகள் 0.44, 0.58, 0.39. நடு எண் மற்ற இரண்டையும் விட்டு நன்றாக மேலே நிற்கிறது. இது உண்மையான பச்சை. கைப்பேசி கேமரா நிறங்களைத் தானாகவே மாற்றிச் சரிசெய்வதால் இந்தக் கணக்கு தோராயமானதே. ஆனால் கண்ணைவிட நிதானமானது.

இரண்டாவது ஏமாற்று, பாசி. வெளிச்சம் படும் பக்கத்தில், பிளாஸ்டிக்குக்கும் மரத்தூளுக்கும் நடுவில் நீர் கோத்திருந்தால் அங்கே பாசி வளரும். அது இலைப்பச்சையாக, ஈரமாக, வழவழப்பாக, நீர் நிற்கும் கோட்டைத் தொடர்ந்து தெரியும். டிரைக்கோடெர்மாவின் பச்சையோ உலர்ந்த தூள் போல, வட்டமாக, வெள்ளை ஓரத்தோடு இருக்கும். படத்தைப் பெரிதாக்கி ஓரத்தைப் பாருங்கள். வெள்ளை ஓரம் இருக்கிறதா என்பதே இங்கே கேள்வி.

மூன்றாவது, பெனிசிலியம் எனும் வேறொரு பூசணம். அதன் திட்டுகள் சிறியதாக, நீலம் கலந்த பச்சையாக இருக்கும். மெதுவாகவே பெருகும். இதையும் டிரைக்கோடெர்மாவையும் படத்தில் பிரிக்க முடியாமல் போனால் கவலைப்படவேண்டாம். இரண்டுக்கும் நாம் செய்யவேண்டியது ஒன்றுதான். பையை அறையிலிருந்து அகற்றவேண்டும்.

படம் எடுக்கும்போது பளிச்சிடும் விளக்கை அணைத்துவிடுங்கள். பிளாஸ்டிக்கில் பட்டு எதிரொளிக்கும் வெளிச்சம் திட்டை மறைத்துவிடும். பக்கவாட்டிலிருந்து பகல் வெளிச்சம் விழட்டும். பையின் நான்கு பக்கத்தையும் அடியையும் எடுங்கள். ஒரு பக்கம் சுத்தமாக இருக்கும் பை, மறுபக்கம் பச்சையாக இருக்கலாம்.

தொடங்கிய இடம் சொல்லும் காரணம்

பச்சைதான் என்று உறுதியான பிறகு, அது எங்கே தொடங்கியது என்று பாருங்கள். 200 பைகளையும் வீசுவதா, ஒன்றை மட்டும் எடுப்பதா என்ற கேள்விக்கான விடை அந்த இடத்தில் இருக்கிறது.

பஞ்சுக்கும் கழுத்து வளையத்துக்கும் அருகில் பச்சை தொடங்கினால், பஞ்சு நனைந்திருக்கலாம். இல்லையென்றால் வித்து போடும்போது காற்றிலிருந்து ஸ்போர் உள்ளே விழுந்திருக்கலாம். வித்துத் தானியங்களைச் சுற்றியே பச்சை முளைத்து, அதே புட்டியிலிருந்து வித்து போட்ட பல பைகளிலும் அப்படியே இருந்தால், வித்தே கெட்டிருக்கிறது. நாம் பார்த்த எடுத்துக்காட்டுப் பையில் இருப்பதுபோல், பக்கத்தில் ஒரே ஒரு வட்டம் மட்டும் இருந்தால், அதன் நடுப்புள்ளியைப் பெரிதாக்கிப் பாருங்கள். மரத்தூளில் இருந்த சிராய் குத்தியோ, அடுக்கும்போது கீறியோ பிளாஸ்டிக்கில் நுண்ணிய ஓட்டை விழுந்திருக்கும். அது அந்த ஒரு பையின் பிரச்சினை. அதை எடுத்துவிட்டு, பக்கத்துப் பைகளை ஒரு வாரம் தொடர்ந்து படம் எடுத்தால் போதும்.

ஆனால் ஒரே நாளில் வேகவைத்த பல பைகளில், மேலும் கீழும் நடுவிலும் எனச் சிதறிய திட்டுகள் ஒரே சமயத்தில் தோன்றினால் காரணம் வேறு. வேகவைத்ததில் குறை இருக்கிறது. இங்கேதான் மலையின் உயரம் கணக்கில் வருகிறது. உயரம் கூடும்போது காற்றழுத்தம் குறையும். நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை ஏறத்தாழ 1 பாகை இறங்கும். எனவே தானா ராத்தாவில் நீர் ஏறத்தாழ 95 பாகை செல்சியசில் கொதிக்கும். அழுத்தம் இல்லாத டிரம்மில் வேகவைத்தால் நீராவியும் அதற்கு மேல் சூடாகாது. எவ்வளவு பெரிய நெருப்பு மூட்டினாலும் நீர் சீக்கிரம் வற்றுமே தவிர வெப்பம் கூடாது.

95 பாகை ஈரச்சூட்டை டிரைக்கோடெர்மாவின் ஸ்போர் தாங்காது. சிக்கல் அதில் இல்லை. மரத்தூள் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். டிரம்மில் நீராவி கிளம்பிய பிறகும் பையின் நடுப்பகுதி வெகு நேரம் குளிர்ந்தே இருக்கும். பைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கினால் நீராவி உள்ளே நுழையவும் வழியில்லை. ஆகவே வேகவைக்கும் நேரத்தை நெருப்பு மூட்டிய நொடியிலிருந்து எண்ணக்கூடாது. நடுவரிசையில் உள்ள ஒரு பையின் மையத்தில் வெப்பமானியைச் செருகி, அங்கே வெப்பம் ஏறிய பிறகே எண்ணத் தொடங்கவேண்டும். அந்தச் சோதனைப் பையை வித்துக்குப் பயன்படுத்தக்கூடாது. அதில் ஓட்டை விழுந்துவிட்டதே!

தவிட்டின் அளவையும் பாருங்கள். விளைச்சல் கூடும் என்று 10 கிலோவுக்குப் பதில் 20 கிலோ போட்டால், எளிதில் செரிக்கும் அந்த உணவை முதலில் ஓடிவந்து பிடிப்பது வேகமான பூஞ்சைதான்.

அகற்றும் முறை

பச்சையான பையை அறைக்குள் திறக்காதீர்கள். தட்டிப் பார்க்காதீர்கள். முகர்ந்து பார்க்கவே கூடாது. உலர்ந்த ஸ்போர்கள் சிறு அசைவிலும் காற்றில் எழும்பும். சிலருக்கு ஒவ்வாமையையும் உண்டாக்கும். முகக்கவசம் அணிந்து, பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றை அதன்மேல் மெதுவாகக் கவிழ்த்து, வாயைக் கட்டி, அப்படியே வெளியே கொண்டுபோங்கள். மறுபடியும் நீராவியில் வேகவைத்த பிறகு, வளர்ப்பு அறைக்குத் தொலைவில் புதைத்துவிடலாம்.

கேமரன் மலையில் இன்னொரு கவனமும் தேவை. டிரைக்கோடெர்மா காய்கறித் தோட்டத்துக்கு நண்பன். வேரழுகல் உண்டாக்கும் பூஞ்சைகளை அது தாக்குவதால், டிரைக்கோடெர்மா விரிடி போன்ற இனங்களைத் தூளாகத் தயாரித்து விவசாயிகளுக்கு விற்கிறார்கள். தமிழ்நாட்டில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதைப் பரிந்துரைக்கிறது. மற்றப் பூஞ்சையைத் தாக்கும் குணம் வயலில் நன்மையாகிறது. காளான் அறையில் அதே குணம் நோயாகிறது. கடையில் விற்கும் இனமும் கொரியாவில் கண்ட இனங்களும் ஒன்றல்ல. ஆனாலும் அந்தத் தூளைத் தொட்ட கையோடும், தோட்டத்து மண் ஒட்டிய காலணியோடும் காளான் அறைக்குள் நுழையாதிருப்பது நல்லது. காலையில் முதலில் காளான் அறை, அதன் பிறகு தோட்டம் என்று வேலையை வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.

படத்துக்கு எட்டாதது

எவ்வளவு கூர்மையான படமும் மேற்பரப்பைத்தான் காட்டும். பையின் நடுவில் தொடங்கிய பூசணம் ஓரத்தைத் தொடும்வரை கேமராவுக்குத் தெரியாது. எந்த இனம் என்பதையும் படம் சொல்லாது. கொரியாவில் கண்ட அந்த இரண்டு இனங்களும் மரபணு அளவில் மிக நெருங்கிய உறவினர்கள். அவற்றை உறுதியாகப் பிரித்தறிய டிஎன்ஏ வரிசையைப் படிக்கவேண்டியிருந்தது. யாராவது ஒரு படத்தைப் பார்த்து இனப்பெயரையே சொல்லிவிட்டால், அதை ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே சமயம், பை எப்போது வேகவைக்கப்பட்டது, எந்தப் புட்டி வித்து, எத்தனையாம் நாள் என்ற மூன்று விவரங்களை ஒரு சீட்டில் எழுதிப் பையோடு சேர்த்துப் படம் எடுத்தால், அந்தப் படத்தின் மதிப்பு பல மடங்கு கூடும். 200 பைகளில் பச்சையான ஏழு பைகளின் சீட்டுகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஏழிலும் ஒரே வித்துப் புட்டியின் எண் இருந்தால், அந்தப் புட்டியிலிருந்து வித்து போட்ட மற்றப் பைகளை இன்றே தனியாக வைக்கவேண்டும். மீதிப் பைகள் இருந்த இடத்திலேயே வளரட்டும்.